ஆள் வந்த பிறகு பாட் பேசக் கூடாது!

ஃபேஸ்புக், வாட்ஸ்அப், டெலிகிராம் போன்றவற்றில் கடைகளுக்கு மெசேஜ் அனுப்பினால் உடனே பதில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பதிலை அனுப்புவது ஆள் அல்ல, ஒரு புரோகிராம். இதை பாட் என்கிறார்கள். "விலைப் பட்டியலுக்கு 1, ஆர்டர் செய்ய 2" என்று கேட்பது இதுதான். நமக்கு வேண்டியது அதற்குப் புரியாவிட்டால், "ஆள் யாராவது பேசுங்கள்" என்று நாம் எழுதுவோம். ஆளும் வருவார். அவரோடு பேசிக் கொண்டிருக்கும் போதே பாட் நடுவில் புகுந்து, "விலைப் பட்டியலுக்கு 1" என்று மறுபடி ஆரம்பிக்கும். இந்த எரிச்சல் உங்களுக்கும் ஏற்பட்டிருக்கலாம்.

இது வெறும் எரிச்சல் தரும் விஷயம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நானே எழுதிய பாட், ஒரு குழந்தைக்கு ஆகாத பொருளை கூரியரில் அனுப்பும் வரை போன பிறகு என் எண்ணத்தை மாற்றிக் கொண்டேன். ஆள் வந்த பிறகு பாட் வாயைத் திறக்கவே கூடாது. மறுபடி பேச அந்த ஆள்தான் அனுமதி தர வேண்டும். இதுதான் என் கருத்து. அது ஏன், எப்படி என்பதை நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

நடந்தது என்ன?

என் சித்தி வீட்டிலேயே பொடி வகைகள் அரைத்து விற்கிறார். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப் பொடி என்று ஏழெட்டு வகை. ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார். அதில் வரும் மெசேஜ்களுக்குப் பதில் சொல்லி முடியவில்லை என்றார். நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்பவன் என்பதால், ஒரு சனி, ஞாயிறில் சின்னதாக ஒரு பாட் எழுதிக் கொடுத்தேன்.

அது செய்யும் வேலை எளிமையானது. வரும் மெசேஜில் பொடியின் பெயர் இருக்கிறதா, எண் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டும் இருந்தால் அதை ஆர்டராக எடுத்துக் கொள்ளும். முகவரி கேட்கும். முகவரி வந்ததும் ஆர்டர் ஷீட்டில் ஒரு வரி சேர்க்கும். இரண்டு மணி நேரத்தில் முகவரி வராவிட்டால் ஒரு முறை ஞாபகப்படுத்தும். மறுநாள் காலை சித்தப்பா அந்த ஷீட்டைப் பார்த்து பார்சல் கட்டுவார்.

ஒரு நாள் மாலை 7:10க்கு ஒரு பெண்மணி எழுதினார். "இட்லி பொடியில் வேர்க்கடலை இருக்கா? பையனுக்கு ஒத்துக்காது." பாட் இதில் "இட்லி பொடி" என்பதை மட்டும் பிடித்துக் கொண்டு விலையைச் சொன்னது. அவர் "யாராவது ஆள் பேசுங்க" என்று எழுதினார். "எங்கள் பணியாளர் விரைவில் பேசுவார்" என்றது பாட். இதுவரை தவறு இல்லை.

7:20க்கு சித்தி பக்கத்தின் இன்பாக்ஸைத் திறந்து தானே பதில் எழுதினார். "இட்லிப் பொடியில் வேர்க்கடலை உண்டு. நீங்க வாங்காதீங்க. போன் நம்பர் குடுங்க, பேசறேன்." அவர் நம்பரை அனுப்பினார். உடனே பாட், "மன்னிக்கவும், புரியவில்லை. விலைப் பட்டியலுக்கு 1, ஆர்டர் செய்ய 2" என்றது. இது முதல் குறுக்கீடு.

சித்தி போனில் பேசினார். எல்லாப் பொடியும் ஒரே மிக்ஸியில் அரைப்பதால், வேர்க்கடலை போடாத பருப்புப் பொடியிலும் அது ஒட்டியிருக்கலாம். அதனால் புது ஜார் வாங்கி அதில் தனியாக அரைத்து, இரண்டு நாளில் அனுப்புவதாகச் சொன்னார். அந்தப் பெண்மணி போனை வைத்து விட்டு, பேசியதை உறுதி செய்வதற்காக 7:35க்கு இப்படி எழுதினார். "சரிங்க. இட்லி பொடி வேண்டாம். பருப்பு பொடி மட்டும் 2 பாக்கெட் அனுப்புங்க."

பாட் இதைப் படித்தது. முதலில் கண்ணில் பட்ட பெயர் இட்லி பொடி. எண் 2. "நன்றி! இட்லிப் பொடி 2 பாக்கெட் சேர்க்கப்பட்டது. முகவரியை அனுப்பவும்" என்று பதில் போட்டது. சித்தி அதற்குள் சமையலறைக்குப் போய் விட்டார். அந்தப் பெண்மணியும் போனைக் கீழே வைத்து விட்டார். பதிலை அப்போது பார்க்கவில்லை.

சரியாக 9:35க்கு பாட்டின் ஞாபக மெசேஜ் போனது. "உங்கள் ஆர்டருக்கு முகவரி இன்னும் வரவில்லை." அதைச் சித்திதான் கேட்கிறார் என்று நினைத்து அவர் முகவரியை அனுப்பி விட்டார். ஆர்டர் முழுமையானது. மறுநாள் காலை சித்தப்பா ஷீட்டைப் பார்த்து, வேர்க்கடலை போட்ட இட்லிப் பொடி 2 பாக்கெட்டை அழகாக பார்சல் கட்டினார். கூரியர் பையன் வந்து நிற்கும் போது, முகவரிச் சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்து சித்தி தடுத்தார். "நான்தான் பேசி முடிச்சேனே, இது யாரு நடுவுல ஆர்டர் எடுத்தது?" என்று எனக்கு போன் செய்தார்.

எடுத்தது நான்தான். அதாவது என் புரோகிராம்.

ஏன் குறுக்கிட்டது?

பாட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் காரணம் எளிதில் புரியும். வாடிக்கையாளர் ஒரு மெசேஜ் அனுப்பியதும், ஃபேஸ்புக் அதன் நகல் ஒன்றை நம் சர்வருக்கு அனுப்புகிறது. நம் புரோகிராம் அதைப் படித்து, பதிலை ஃபேஸ்புக்கிடம் கொடுக்கிறது. அவ்வளவுதான். நாம் சொல்லித் தராதவரை, ஒவ்வொரு மெசேஜும் அதற்குப் புதிது. ஐந்து நிமிடம் முன்பு வேறு யாரோ இந்த உரையாடலில் உட்கார்ந்தார் என்பது அதற்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாடிக்கையாளர் எழுதுவதுதான் பாட்டுக்கு வருகிறது. சித்தி இன்பாக்ஸில் எழுதியது பாட்டுக்கு வரவே இல்லை. அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஆகவே "பணியாளர் பேசுவார்" என்று என் பாட் சொன்னது வெறும் வாய் வார்த்தை. உள்ளே எதுவும் மாறவில்லை. பெரும்பாலான குறுக்கீடுகளுக்கு இதுதான் மூல காரணம். ஆளிடம் ஒப்படைத்ததாக பாட் சொல்கிறது. ஆனால் ஒப்படைத்ததை எங்கும் எழுதி வைப்பதில்லை.

யார் கையில் உரையாடல்?

தீர்வு ஒரே ஒரு குறிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும், இப்போது உரையாடல் யார் கையில் என்று ஒரு சொல்லை எழுதி வைக்க வேண்டும். மூன்று நிலைகள் போதும். ஒன்று பாட். இரண்டு, ஆளுக்காகக் காத்திருத்தல். மூன்று ஆள்.

நடுவில் உள்ள காத்திருத்தலைப் பலர் விட்டு விடுகிறார்கள். "ஆள் வேண்டும்" என்று கேட்ட பிறகு, ஆள் வரும் வரை மனிதர்கள் சும்மா இருப்பதில்லை. "ஹலோ", "இருக்கீங்களா", "?" என்று எழுதுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பாட் "புரியவில்லை" என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனவே காத்திருக்கும் போதும் பாட் வாயை மூட வேண்டும். போகும் முன் ஒரே ஒரு மெசேஜ் சொல்லலாம். அதில் உண்மையான நேரம் இருக்க வேண்டும். "விரைவில்" என்பது நேரம் அல்ல. சித்தி மாலை 7 மணிக்கு மேல்தான் போனைத் தொடுவார் என்றால், "மாலை 7 மணிக்கு மேல் பதில் வரும்" என்று சொல்ல வேண்டும். அதே சமயம் சித்தியின் போனிலும் ஒரு மணி அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பாட்டும் பேசாது, ஆளும் வரமாட்டார்.

அடுத்து, சித்தி வந்து விட்டார் என்பதை பாட் எப்படித் தெரிந்து கொள்வது? ஃபேஸ்புக் மெசஞ்சரில் இதற்கு ஒரு வழி உண்டு. நம் ஆப்பின் செட்டிங்கில் `message_echoes` என்பதைத் தேர்வு செய்தால், பக்கத்தின் சார்பில் போகும் மெசேஜ்களின் நகலும் நம் சர்வருக்கு வரும். அதில் `is_echo` என்ற அடையாளம் இருக்கும். எதிரொலி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இதிலும் ஒரு சிக்கல். பாட் தானே அனுப்பும் மெசேஜுக்கும் எதிரொலி வரும். அதைப் பார்த்து "ஆள் வந்து விட்டார்" என்று பாட் நினைத்தால், ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு முறை பேசி விட்டு ஊமையாகி விடும். இதைத் தவிர்க்க, பாட் அனுப்பும் மெசேஜ் ஒவ்வொன்றிலும் `metadata` என்ற இடத்தில் ஒரு ரகசிய முத்திரை வைக்கலாம். வாடிக்கையாளருக்கு அது தெரியாது. எதிரொலியில் மட்டும் திரும்பி வரும். முத்திரை இருந்தால் பாட் பேசியது. இல்லாவிட்டால் சித்தி பேசியது.

புரோகிராம் எழுதிப் பழகுபவர்களுக்காக அந்தப் பகுதியை மட்டும் தருகிறேன். மற்றவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

```python
msg = event["message"]

if msg.get("is_echo"):
    customer = event["recipient"]["id"]
    if msg.get("metadata") != "BOT":
        set_owner(customer, "human")
    return

customer = event["sender"]["id"]
if get_owner(customer) != "bot":
    return
```

இதில் மூன்றாவது வரியைக் கவனியுங்கள். எதிரொலியில் அனுப்புநர் நம் பக்கம், பெறுநர்தான் வாடிக்கையாளர். வழக்கமான மெசேஜில் இது தலைகீழ். நான் முதல் முறை எழுதும் போது இரண்டு இடத்திலும் `sender` என்றே போட்டு விட்டேன். சித்தி பேசிய பிறகும் பாட் பேசிக் கொண்டே இருந்தது. குறிப்பு எழுதும் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். இருபது பேரிடம் சித்தி பேசியிருக்க, அங்கே ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதுவும் எங்கள் பக்கத்தின் சொந்த எண்! பாட் எங்கள் பக்கத்தையே வாடிக்கையாளராக நினைத்து, அதனிடம் மட்டும் மரியாதையாக மௌனம் காத்திருக்கிறது. இப்படி ஒரே வரி இருந்தால் தவறு இந்த இடத்தில்தான் என்று அறியலாம்.

உள்ளே வரும் போது மட்டும் பார்த்தால் போதாது

மேலே சொன்னதைச் செய்த பிறகு, மெசேஜ் வரும் போது பாட் மௌனமாக இருக்கும். ஆனால் 9:35க்குப் போன ஞாபக மெசேஜை நினைத்துப் பாருங்கள். அது யாருடைய மெசேஜுக்கும் பதில் அல்ல. 7:35க்கே டைமரில் வைத்த வெடி. உள்ளே வரும் வாசலில் காவல் போட்டாலும், ஏற்கனவே வீட்டுக்குள் இருப்பவர் வெளியே போவதை அது தடுக்காது.

இதே போல இன்னொரு சின்ன இடைவெளியும் உண்டு. மெசேஜ் வந்ததும் பாட் ஸ்டாக் இருக்கிறதா என்று ஷீட்டைத் திறந்து பார்க்கிறது. இதற்கு மூன்று நான்கு வினாடி ஆகலாம். அந்த நேரத்துக்குள் சித்தி பதில் எழுதி விடலாம். பாட் ஆரம்பித்த போது உரையாடல் அதன் கையில்தான் இருந்தது. முடிக்கும் போது இல்லை. ஆனால் அது திரும்பிப் பார்க்காமல் பதிலை அனுப்பி விடும். சித்தியின் பதிலுக்கு அடுத்த வினாடியே பாட்டின் பதிலும் வந்து விழும். எப்போதோ ஒரு முறை மட்டும் இரண்டு பதில் வருகிறது, மறுபடி சோதித்தால் வருவதில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டுக்கும் ஒரே மருந்து. புரோகிராமில் எத்தனை இடத்திலிருந்து மெசேஜ் கிளம்பினாலும், எல்லாம் ஒரே வாசல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அந்த வாசலில், அனுப்புவதற்கு முந்தைய கணத்தில், யார் கையில் உரையாடல் என்று மறுபடி ஒரு முறை பார்க்க வேண்டும்.

```python
def send_as_bot(customer, text):
    if get_owner(customer) == "bot":
        send(customer, text, metadata="BOT")
```

ஞாபக மெசேஜும் இந்த வாசல் வழியாக வந்தால் அங்கேயே நின்று விடும். பண்டிகைத் தள்ளுபடி விளம்பரமும் நின்று விடும். புகார் சொல்லிக் கொண்டிருக்கும் ஒருவருக்கு நடுவில் "தீபாவளி ஆஃபர்" போகாமல் இருப்பது எவ்வளவு நல்லது என்று சொல்லத் தேவையில்லை. பாதியில் நிற்கும் ஆர்டரையும் ஆள் வந்த உடனே அழித்து விட வேண்டும். இல்லாவிட்டால் நாலு நாள் கழித்து பாட் மறுபடி பேசும் போது, பழைய "இட்லிப் பொடி 2"ஐ நினைவில் வைத்துக் கொண்டு முகவரி கேட்கும்.

ஒரு பக்கத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட புரோகிராம்கள் இருந்தால், நாம் எழுதும் குறிப்பு மட்டும் போதாது. ஒன்றின் குறிப்பு இன்னொன்றுக்குத் தெரியாதே! இதற்காகவே ஃபேஸ்புக் 2017ல் மெசஞ்சரில் ஹேண்ட் ஓவர் புரோட்டோகால் என்ற முறையைக் கொண்டு வந்தது. ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமின் கையில்தான் உரையாடல் இருக்கும். அது `pass_thread_control` என்ற கட்டளையால் அடுத்தவரிடம் ஒப்படைக்கும். கையில் இல்லாத மற்ற புரோகிராம்களுக்கு மெசேஜின் நகல் `standby` என்ற தனி வழியில் போகும். படிக்கலாம், பதில் சொல்லக் கூடாது என்று அர்த்தம். பெரிய அளவில் செய்தாலும் அடிப்படை அதே ஒன்றுதான். உரையாடலுக்கு ஒரு நேரத்தில் ஒரே சொந்தக்காரர்.

புரோகிராம் எழுதாதவர்கள் என்ன செய்வது?

வீட்டிலிருந்து வியாபாரம் செய்யும் பலர் பாட் எதுவும் எழுதுவதில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் உள்ள தானியங்கிப் பதில்களையே பயன்படுத்துகிறார்கள். அங்கேயும் இதே பிரச்சினையின் சிறிய வடிவம் உண்டு. Business tools பகுதியில் Away message என்பதைத் திறந்து பாருங்கள். எப்போது அனுப்புவது என்ற இடத்தில் Always send என்று இருந்தால், நீங்கள் கடையில் உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் "நாங்கள் இப்போது இல்லை" என்ற பதில் போக வாய்ப்பு உண்டு. Outside of business hours என்று மாற்றுங்கள். உங்கள் வேலை நேரத்தையும் சரியாகக் கொடுங்கள்.

வெளியார் தயாரித்த பாட் சேவையை வாங்குபவர்கள், பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு போன்கள் போதும். ஒரு போனிலிருந்து வாடிக்கையாளர் போல ஆர்டரைப் பாதி வரை கொண்டு போங்கள். இன்னொரு போனில் கடைக்காரராக ஒரு வரி எழுதுங்கள். பிறகு முதல் போனிலிருந்து பொருளின் பெயரும் எண்ணும் சேர்த்து ஒரு மெசேஜ் அனுப்புங்கள். பாட் பதில் சொன்னால் அது தேறவில்லை. சொல்லாவிட்டால், ஞாபக மெசேஜ் வரும் நேரம் தாண்டும் வரை பொறுத்திருந்து பாருங்கள். நிறைய சேவைகள் முதல் பாதியில் பாஸாகி இரண்டாவதில்தான் ஃபெயிலாகின்றன.

பாட் எப்போது திரும்ப வரலாம்?

இங்கேதான் என் நண்பர்கள் சிலர் என்னோடு ஒத்துப் போவதில்லை. ஆள் பேசி முடித்து பத்து நிமிடம் ஆனதும் பாட் தானாகத் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் வாதம். ஆள் மறந்து விடுவார். பாட் நிரந்தரமாக மௌனமாகி விடும். அடுத்த வாரம் அதே வாடிக்கையாளர் விலை கேட்டால் பதிலே வராது. இது நியாயமான பயம். எங்களுக்கும் நடந்தது. சித்தி பேசிய நாலு பேருக்கு ஒரு வாரம் யாருமே பதில் சொல்லவில்லை.

ஆனால் பத்து நிமிடம் என்பது புரோகிராம் எழுதுபவரின் கடிகாரம். சித்தி மிக்ஸியில் மாவு ஓட்டி விட்டு வந்து பதில் சொல்ல அரை மணி ஆகும். வாடிக்கையாளர் கணவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போய் இரவுதான் வருவார். இருவருமே உரையாடல் முடிந்ததாக நினைக்கவில்லை. பாட் மட்டும் நினைக்கிறது.

எனவே நான் இரண்டு வழி வைத்தேன். முதலாவது, சித்தியே திருப்பித் தருவது. அவர் "மீண்டும் வருக" என்று மட்டும் ஒரு மெசேஜ் போட்டால், எதிரொலியில் அதைப் பார்த்து பாட் பொறுப்பை எடுத்துக் கொள்ளும். வாடிக்கையாளர் கண்ணுக்கு அது சாதாரண வழியனுப்பு. "நன்றி", "வணக்கம்" போன்ற சொற்களை நான் வைக்கவில்லை. அவை பேச்சின் நடுவிலும் வரும்.

இரண்டாவது, மறந்து விட்டால் என்ன என்பதற்கு. இருவரில் யார் கடைசியாக எழுதினாலும், அதிலிருந்து 12 மணி நேரம் கழித்துக் குறிப்பு "பாட்" என்று மாறும். ஆனால் மாறிய உடனே பாட் எதுவும் பேசாது. வாடிக்கையாளர் அடுத்த முறை தானாக எழுதினால்தான் பேசும். அப்போதும் அதன் முதல் வரி, "இது தானியங்கிப் பதில். நேற்றைய பேச்சைத் தொடர வேண்டுமா, புதிதாக ஏதாவது வேண்டுமா?" என்பதுதான். தொடர வேண்டும் என்றால் நேராகச் சித்தியிடம் போய்விடும். 12 என்பது வேதவாக்கு அல்ல. உங்கள் கடையில் ஒரு பேச்சு சராசரியாக எவ்வளவு நேரம் இழுக்கிறது என்று பார்த்து வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் நிமிடக் கணக்கில் மட்டும் வைக்காதீர்கள்.

புத்திசாலி பாட் வந்தால் சரியாகி விடுமா?

இதைச் சொன்ன போது ஒரு நண்பர் சிரித்தார். "பெயரையும் எண்ணையும் தேடும் பழைய பாட்டை வைத்துக் கொண்டு புலம்புகிறாய். இப்போது வரும் ஏ.ஐ. பாட் 'வேண்டாம்' என்ற சொல்லைச் சரியாகப் புரிந்து கொள்ளுமே" என்றார்.

சரி, புரிந்து கொள்ளட்டும். "பருப்புப் பொடி 2 பாக்கெட்" என்று சரியாகவே ஆர்டர் எடுக்கட்டும். சித்தப்பா என்ன செய்திருப்பார்? அலமாரியில் தயாராக இருக்கும் பருப்புப் பொடியை எடுத்து பார்சல் கட்டியிருப்பார். அது வேர்க்கடலை அரைத்த அதே மிக்ஸியில் அரைத்தது. புது ஜாரில் தனியாக அரைத்துத் தருகிறேன் என்று சித்தி சொன்னது போனில். அது எந்த எதிரொலியிலும் வராது. சொல்லப் போனால் இந்த ஆர்டர் இன்னும் ஆபத்தானது. தவறான பெயர் இருந்ததால்தான் சித்தி கண்ணில் பட்டது. சரியான பெயர் இருந்திருந்தால் அவரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

ஆகவே பாட் எவ்வளவு புரிந்து கொள்கிறது என்பது வேறு; பேசும் உரிமை அதற்கு அப்போது இருக்கிறதா என்பது வேறு. நன்றாகப் படித்த குமாஸ்தாவாக இருந்தாலும், முதலாளி வாடிக்கையாளரிடம் பேசும் போது நடுவில் பில் போட மாட்டார்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. சித்தி மெசேஜே எழுதாமல் நேராக போன் செய்து விட்டால் பாட்டுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் இப்போது சித்தி ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். போன் செய்யும் முன் இன்பாக்ஸில் "கூப்பிடறேன்" என்று ஒரு வார்த்தை எழுதி விடுவார். அந்த ஒரு வார்த்தையில் பாட் ஒதுங்கி விடுகிறது.

நீங்கள் வாங்குபவராக இருந்தால் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆளிடம் பேசி முடித்ததும், முடிவு செய்ததை ஒரே மெசேஜில் எழுதி, "சரிதானா?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில் ஆள் எழுதியதா, பாட் எழுதியதா என்று பாருங்கள். பேசியதற்கு மாறாக மெனுவோ "சேர்க்கப்பட்டது" என்ற வரியோ வந்தால், முகவரி, பணம் எதையும் அனுப்பாதீர்கள். போன் செய்து கேட்டு விடுங்கள். அந்தப் பெண்மணிக்குப் புது ஜாரில் அரைத்த பருப்புப் பொடி சொன்னபடி மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தது. அந்த ஆர்டரை ஷீட்டில் எழுதியது சித்தி, தன் கையால்.